எட்டாம் பாகத்திலிருந்து தொடங்கிய கிரேன் ஆபரேட்டர்

முட்டாள்தனத்தில் நான் ஆல்ரவுண்டர். ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டே ஹெல்மெட்டைத் தேடியிருக்கிறேன். என் கல்யாணத்துக்குத் தவறான மண்டபத்துக்குப் போய், அங்கே சாப்பிட்டுவிட்டும் வந்திருக்கிறேன். ஆனால் அதெல்லாம் என் தலையில் நானே கொட்டிக்கொண்டது. ஒரே ஒரு தடவை என் முட்டாள்தனம் இன்னொருத்தர் தலையில் விழுந்தது. ஒரு நல்ல மனிதருடைய ஆச்சரியத்தை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கிடைக்கக்கூடிய ஆச்சரியத்தை, அவர் கண்ணெதிரிலேயே நான் கெடுத்தேன். கெடுத்தபோது அவருக்கு உதவி செய்வதாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் நான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். பெரிய சுருள் சுருளாக இரும்பு வரும், காயில் என்போம். அதை இறக்கி, அடுக்கி, சீட்டு ஒட்டி, கேட்கிறபோது எடுத்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் தொழிலில் வேதம் ஒன்றுதான்: முதலில் வந்தது முதலில் போக வேண்டும். பழைய சரக்கு கிடக்க, புதுசை எடுத்துக் கொடுத்தால் பழையது துருப்பிடிக்கும், ஆடிட்டர் வந்து என்னையும் துருப்பிடித்தவன் மாதிரி பார்ப்பார். இந்த விதி எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டு ஃப்ரிட்ஜில்கூட நேற்றைய சாம்பார் தீராமல் இன்றைய சாம்பாரைத் தொட விடமாட்டேன். என் மனைவி ஒரு நாள் நேற்றைய சாம்பாரை என் ஒருவனுக்கே ஊற்றிவிட்டு, இன்றையதைப் பிள்ளைகளோடு சாப்பிட்டுவிட்டாள். விதி என்னோடு நின்றது.

திருவள்ளூரிலிருந்து எங்களுக்குக் கம்பெனி பஸ். தாமரைப்பாக்கம், பெரியபாளையம், ஆரணி, புதுவாயல், கவரப்பேட்டை என்று சுற்றிக்கொண்டு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். சீட்டில் பேர் எழுதியிருக்காது, ஆனால் அவரவர் சீட்டு அவரவருக்கு. என் பக்கத்துச் சீட்டு கிரேன் ஆபரேட்டருடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணாத்த என்பேன். அவர் என்னை நைனா என்பார், கடுப்பாக இருந்தால் ஸ்டோர்ஸு என்பார். என் விதியால் நேரடியாகப் பாதிக்கப்படும் ஒரே ஜீவன் அவர்தான். பழைய காயில் எப்போதும் அடியில்தான் கிடக்கும். மேலே இருக்கிற நாலு காயிலையும் கிரேனில் தூக்கி ஓரம் வைத்து, அடியில் இருப்பதை எடுத்து, நாலையும் திரும்ப அடுக்க வேண்டும். மேலே கேபினில் உட்கார்ந்து அவர் வாய் அசைவதைக் கீழேயிருந்து பார்ப்பேன். சத்தம் கேட்காது. கேட்காததற்கு நன்றி சொல்லிக்கொள்வேன்.

அவருடைய போன் ஒரு நாள் அந்தக் கேபினிலிருந்து நழுவி நேராகக் காயில் மேல் விழுந்தது. காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

போன் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவது அவருக்கு மூன்றாம் நாளே தாங்கவில்லை.

"நைனா, நீ எப்பப் பாத்தாலும் எத்தயாச்சும் படிச்சிக்கினே வர்றியே. எனக்கும் ஒண்ணு குடு. சொம்மா கதையா இருக்கணும். அட்வைஸு கிட்வைஸு சொல்ற புக்குலாம் வாணாம், அதுக்கு ஊட்ல ஆளு இருக்காங்க."

நான் படித்துக்கொண்டிருந்ததை அப்படியே மூடிவிட்டேன். ஏனென்றால் என்னிடம் ஒரு தொடர் இருந்தது. ஒன்பது பாகம். மாயதேசத்துக் கதை. எழுதி முடிக்க எழுத்தாளருக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு பாகமும் வந்த சூட்டோடு வாங்கிப் படித்தவன் நான். ஆனால் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள் கிடையாது. மனைவி முதல் பக்கத்தில் ஓடுகிற ஆறு ஒன்று வாய் திறந்து பேசுவதைப் பார்த்துவிட்டு மூடிவிட்டாள். "ஆறெல்லாம் பேச ஆரம்பிச்சா ஊட்டு வேல எப்ப முடியறது" என்றாள். பசங்களுக்குத் தமிழில் தடிப் புத்தகம் என்றாலே டியூஷன் ஞாபகம் வருகிறது. கடைசிப் பாகத்தை முடித்த நாளில் நான் எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரரிடம் போய் அந்தக் கதையைச் சொன்னேன். அவர் என் இரண்டு சட்டையைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆக, ஒரு வாசகர் தானாக வந்து கேட்கிறார். இவரை இழக்கக் கூடாது. எப்படிக் கொடுப்பது என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். நான் யோசிக்க ஆரம்பித்தாலே வீட்டில் பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானது.

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் கனம் தெரியாது. ஒரு ஊரில் எல்லோருடைய நிழலும் ஒரே ராத்திரியில் திருடு போகிறது. உப்பளக்காரர் மகள் ஒருத்தி நிழல் திருடனைத் தேடிக் கிளம்புகிறாள். அவளுக்குத் துணையாக ஒரு ஓடக்காரன் வருகிறான். நல்ல தமாஷ் பேர்வழி. அவனுக்கு ஒரு காது கிடையாது. காது எப்படிப் போனது என்று யார் கேட்டாலும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை விடுவான். முதலை கடித்தது என்பான், மாமியார் திருகியதில் கையோடு வந்துவிட்டது என்பான், கிராமபோனுக்குக் கொடுத்துவிட்டேன் என்பான். படிக்கிறவர்களுக்கு அவன்மேல் அப்படி ஒரு ஒட்டுதல் வந்துவிடும். மூன்றாம் பாகத்தின் கடைசியில்தான் தெரியும், அந்த ஓடக்காரன்தான் நிழல் திருடன். நான் அதைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை.

நான்கும் ஐந்தும் அதற்கப்புறம் நடப்பது. ஆறாம் பாகத்தில் எழுத்தாளர் திடீரென்று இருநூறு வருஷம் பின்னால் போய்விட்டார். அந்தத் திருடன் ஒரு காலத்தில் இளவரசனாக இருந்தது, இரண்டாம் அத்தியாயத்தில் அவன் காது அறுபட்டது, தம்பியைக் காப்பாற்ற முதல் நிழலைத் திருடியது, அதனால் சாவில்லாதவனானது எல்லாம் அதில் வரும். ஏழில் மறுபடியும் உப்பளக்காரப் பெண். எட்டில் இன்னும் பின்னால் போய், அந்தப் பேசும் ஆறு எப்படிப் பிறந்தது என்கிற ஆதிக்கதை. ஒன்பதில் முடிவு.

இதில் எனக்கு ஒரு பழைய கடுப்பு. ஐந்தாம் பாகம் அந்தப் பெண்ணை மலை உச்சியில் தொங்கவிட்டுவிட்டு முடிந்தது. இரண்டு வருஷம் காத்திருந்து ஆறாம் பாகத்தை ஓடிப்போய் வாங்கினால், மலையையும் காணோம், பெண்ணையும் காணோம், இருநூறு வருஷத்துக்கு முந்தைய அரண்மனைச் சமையலறை. எட்டிலும் அதே கதை. அண்ணாத்தைக்கு இந்தக் கஷ்டம் வரக் கூடாது என்று முடிவு செய்தேன். வந்த வரிசையில் கொடுத்தால்தானே இந்த வம்பு? நடந்த வரிசையில் கொடுத்தால்? முதலில் அந்தப் பேசும் ஆறு பிறக்கும், அதாவது எட்டாம் பாகம். அப்புறம் இளவரசன், அதாவது ஆறாம் பாகம். அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது. காலம் நேராக ஓடும். பின்னால் தாவல் கிடையாது. பழைய சரக்கு முதலில், புதுச் சரக்கு பின்னால். என் தொழில் வேதமே அதுதானே.

போதாக்குறைக்குப் புதுப் பதிப்பில் பதிப்பகத்தாரே அப்படித்தான் எண் மாற்றிப் போட்டிருந்தார்கள். பழைய எட்டுக்கு முதுகில் ஒன்று, பழைய ஆறுக்கு இரண்டு. அச்சடித்தவனே ஒத்துக்கொண்டான் என்று எனக்கு ஒரே பெருமிதம். என்னிடம் இருந்தது பழைய செட். அதனால் ஒன்பது புத்தகத்துக்கும் ஸ்டோர்ஸ் சீட்டு ஒட்டி, மார்க்கரில் என் வரிசையை எழுதினேன். ஏதோ பெரிய தொண்டு செய்கிற நினைப்பு.

மறுநாள் பஸ்ஸில் எட்டாம் பாகத்தை அவர் மடியில் வைத்தேன். அவர் உள்ளே புரட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, உள்ளாற எட்டாம் பாகம்னு போட்டுருக்கான், வெளிய நீ ஒண்ணுன்னு ஒட்டிக்கீற."

"அது எழுதுன வரிச அண்ணாத்த. நான் ஒட்டுனது நடந்த வரிச."

"எழுதுனவனுக்குத் தெரியாததா உனுக்குத் தெரியும்?"

"நம்ம மெத்தட்தான். பழசு மொதல்ல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த மெத்தடால் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். இருந்தாலும் படிக்க ஆரம்பித்தார்.

பின் சீட்டில் லேப் மேடம் உட்கார்ந்திருந்தார். திருப்பாச்சூரிலிருந்து வருகிறவர். வந்த சரக்கைச் சோதித்து, இது தேறும், இது தேறாது என்று சொல்கிறவர். சின்ன வயசுதான், ஆனால் அவர் ஒரு காயிலைத் தேறாது என்றால் மேனேஜரே வந்தாலும் அது தேறாது. அவர் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"சார், பையில இன்னும் எட்டு இருக்கே. இவர் இதத்தான படிக்கறாரு? உள்ள முதல் பாகம்னு போட்டது சும்மாதான இருக்கு, நான் எடுத்துக்கட்டா?"

"அதுக்கு முன்னாடி ரெண்டு இருக்கு மேடம். அண்ணாத்த முடிச்சாதான்..."

"பரவால்ல சார். கைக்கு வந்தத படிக்கறேன்."

இப்படித்தான் ஒரே செட்டை இரண்டு பேர் இரண்டு வரிசையில் தொடங்கினார்கள். ஒருவர் என் அறிவுரைப்படி. இன்னொருவர், சும்மா கிடக்கிறதே என்று.

எட்டாம் பாகத்தில் அண்ணாத்த பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. ஒரு ஆதிக்கதையை, ஏழு பாகம் படித்து அந்த ஆற்றின்மேல் பைத்தியமாகத் திரிகிறவனுக்காக எழுதியிருந்தார் எழுத்தாளர். முதல் அறுபது பக்கம் பன்னிரண்டு அரசர்களின் வம்சம். நிழல் வரி, உப்புச் சத்தியம் என்று எதையும் விளக்காமல், நமக்குத் தெரியும் என்கிற தைரியத்தில் எழுதிக்கொண்டு போவார். எனக்குத் தெரியும். அண்ணாத்தைக்கு எப்படித் தெரியும்?

"நைனா, நெழல் வரின்னா இன்னா?"

"அது முதல் பாகத்துல வரும் அண்ணாத்த."

"முதல் பாகம் இதான்ற?"

"இல்ல, முதல்ல வந்த முதல் பாகத்துல."

"'பின்னாளில் உப்பளத்துப் பெண் கால் நனைத்த துறை'ன்றான். யாரு அந்தப் பொண்ணு?"

"அதுவும் அதுல வரும்."

"அப்ப இதுல இன்னாதான் வருது?"

பின்னால் லேப் மேடம் களுக்கென்று சிரித்தார். அது எங்கள் பேச்சுக்கு இல்லை. அவர் முதல் பாகத்தில் மாமியார் காதைத் திருகிய இடத்தில் இருந்தார். அங்கே நிழல் வரியும் சிரமமில்லாமல் புரிந்திருக்கும். கதையில் அந்த உப்பளத்துப் பெண்ணுக்கும் முதலில் ஒன்றும் தெரியாது, அவள் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வாள், நாமும் கூடவே தெரிந்துகொள்வோம். அதற்காகத்தான் அப்படி எழுதியிருந்தது. இந்த ஞானம் எனக்கு அப்போது வரவில்லை. அண்ணாத்தைக்குப் பொறுமை பத்தவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எப்படியோ எட்டைக் கடந்தார். ஆறாம் பாகம் அவருக்குப் பிடித்துவிட்டது. காது அறுபட்ட இடத்தில் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அதன் கடைசிக் காட்சியில் இளவரசன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு ஓடத்தில் ஏறி, துடுப்பைக் கையில் எடுப்பான். அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிடும். அதைப் படித்தபோது நான் ஒரு கர்ச்சீப்பை முழுசாக நனைத்தேன். அண்ணாத்த மூடி வைத்தார்.

"போட்டுல ஏறுனான்," என்றார்.

"ஆமாண்ணாத்த." நான் கர்ச்சீப்பைத் தயாராக வைத்திருந்தேன்.

"சரி. அதுக்கு இன்னா?"

ஓடக்காரனையே பார்த்திராத ஒருவருக்கு ஓடத்தில் ஏறினால் என்ன, ஷேர் ஆட்டோவில் ஏறினால் என்ன?

அடுத்து அவர் முதல் பாகத்துக்கு வந்தார். மேடம் அதற்குள் இரண்டை முடித்துக்கொண்டிருந்தார். அண்ணாத்தைக்கு முதல் அத்தியாயத்திலேயே ஒரு சந்தேகம்.

"நைனா, இந்த ஆளு போகப் போக எழுத மறந்துட்டானா? மொத ரெண்டு புக்குல வழவழன்னு எழுதிக்கினு வந்தான். இதுல கல்லும் மண்ணுமா கீது."

அதுவும் என் கைங்கரியம்தான். முதல் பாகம் எழுத்தாளர் சின்னப் பையனாக இருந்தபோது எழுதியது. இருபது வருஷத்தில் அவர் கை தேறியதை நான் தலைகீழாக அடுக்கி, ஒரு மனிதன் படிப்படியாக மோசமாவது போலக் காட்டிவிட்டேன். அவர் இருந்து பார்த்திருந்தால் என்மேல் கேஸ் போட்டிருப்பார்.

பத்தாம் பக்கத்தில் ஓடக்காரன் வந்தான். ஒற்றைக் காதோடு. அண்ணாத்த நிமிர்ந்தார்.

"தே, இவன் அந்த..."

நான் அவர் வாயைப் பொத்தினேன். என்னைவிட இரண்டு மடங்கு உடம்பு அவருக்கு. பஸ்ஸில் எல்லோரும் திரும்பினார்கள். பொத்திய கையை எடுக்காமலே பின்னால் சாடை காட்டினேன். மேடம் இரண்டாம் பாகத்தில் மூழ்கியிருந்தார். அவருக்கு அந்த ஓடக்காரனை உயிர். காலையில் பஸ் ஏறும்போதே, "சார், காது எப்படிப் போச்சுன்னு நேத்து புதுசா ஒண்ணு சொன்னான்" என்பார்.

அண்ணாத்த என் கையை விலக்கினார். குரலை இறக்கினார்.

"மேடத்துக்குத் தெரியாதா?"

"தெரியாது. மூணாவதோட கடைசிலதான் தெரியும்."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குத் தெரியும்ணாத்த. அதான் ஸ்பெஷல்."

அந்தச் சொல்லைச் சொன்ன வாயை இப்போதும் கண்ணாடியில் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

அன்றிலிருந்து அந்தப் பஸ்ஸில் எனக்கு டிராபிக் போலீஸ் வேலை. மேடம் எழுந்து வந்து எங்கள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடக்காரன் ஜோக் சொல்வார். அண்ணாத்த உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். "ண்ணா, உங்களுக்கு அவனப் புடிக்கலயா?" என்று மேடம் கேட்பார். "புடிக்கும்மா, புடிக்கும்" என்பார். ஒரு தடவை, "பாவம்மா அவன்" என்று ஆரம்பித்துவிட்டார். நான் அவசரமாகத் தும்மினேன். தும்மலோடு தும்மலாக அவர் காலையும் மிதிக்க வேண்டியிருந்தது. எனக்குச் சளி பிடித்ததாக நினைத்து மேடம் சுக்கு மிட்டாய் கொடுத்தார்.

நியாயமாகச் சொன்னால் அண்ணாத்தைக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாள் தாமரைப்பாக்கம் தாண்டும்போது அவர் சொன்னார்: "அவன் காதப் பத்தி தமாஷ் பண்றப்பலாம் எனக்கு வயித்த கலக்குது நைனா. அந்தப் பொண்ணு சிரிக்குது. எதுத்தாப்புல யார் ஒக்காந்துக்கீறான்னு அதுக்குத் தெரியல." நான் அந்தப் புத்தகத்தை அப்படிப் படித்ததேயில்லை. எனக்குச் சிரிப்பு வந்த இடங்களில் அவர் பதறிக்கொண்டிருந்தார். அதே எழுத்து, வேறு புத்தகம். இதைக் கேட்டதும் நான் நிம்மதியாகிவிட்டேன். பார்த்தாயா, என் வரிசையிலும் விஷயம் இருக்கிறது என்று மனசுக்குள் எனக்கே கைதட்டிக்கொண்டேன். அந்த நிம்மதி சரியாக ஒன்பது நாள் நீடித்தது.

ஆடி மாதச் சனிக்கிழமை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து திரும்புகிறோம். மறுநாள் ஞாயிறு என்பதால் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு முந்தின நாளே ஜனம் கிளம்பிவிட்டது. மினி லாரி, டிராக்டர், மேளம், வேப்பிலைக் கட்டு. ஆரணி தாண்டியதும் பஸ் நின்றது. நின்றது நின்றதுதான். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி டீக்குப் போய்விட்டார்.

மேடம் கையில் மூன்றாம் பாகம். கடைசி முப்பது பக்கம்.

அண்ணாத்த இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு மூன்றுக்காகக் காத்திருந்தார். ஒரே காப்பிதானே. பஸ் நின்றதும் அவர் மெதுவாகத் திரும்பி, சீட்டில் ஒரு முழங்காலை மடித்துப்போட்டு, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மோவாயைக் கம்பியில் வைத்துக்கொண்டு மேடம் படிப்பதைப் பார்த்தார்.

"அண்ணாத்த, அப்படிப் பாக்காதீங்க, அவங்களுக்கு..."

"மூடிக்கினு ஒக்காரு."

வெளியே மேளம். ஒரு அம்மாள் ஜன்னல் வழியாக எல்லோருக்கும் கூழ் டம்ளர் நீட்டினார். மேடம் படித்தபடியே வாங்கிக் குடித்து, படித்தபடியே டம்ளரை என் தலைமேல் வைக்கப் பார்த்தார். நான் பிடித்துக்கொண்டேன். இருபது பக்கம். பத்துப் பக்கம். நான் எத்தனை தடவை படித்திருப்பேன் அதை, பக்கம் திரும்புகிற வேகத்தை வைத்தே எங்கே இருக்கிறார் என்று சொல்ல முடிந்தது. இதோ பாலத்துக்கு வந்துவிட்டார்கள். இதோ அவள் விளக்கைத் தூக்குகிறாள். விளக்கு வெளிச்சத்தில் ஓடக்காரன் நிற்கிறான், அவன் காலடியில் ஒரு ஊர் ஜனத்தின் நிழல் அத்தனையும்.

மேடம் நிமிர்ந்தார்.

எங்களைப் பார்த்தார், ஆனால் நாங்கள் அவர் கண்ணில் விழவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. புத்தகத்தைப் பார்த்தார், முந்தைய பக்கத்தைத் திருப்பினார், மறுபடி இந்தப் பக்கம் வந்தார். தப்பாக அச்சடித்துவிட்டானா என்று பார்க்கிற மாதிரி.

"அவனா," என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு முன்சீட்டின் முதுகில் புத்தகத்தாலேயே ஓங்கி ஒரு அடி அடித்தார். அது என் முதுகு. "ஏமாத்திட்டான் சார். மூணு புக்கா கூடவே வந்து ஏமாத்திட்டான். முதல் பாகம் யாராண்ட இருக்கு, குடுங்க."

அண்ணாத்த பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேடம் பரபரவென்று புரட்டி, காது ஜோக் வருகிற இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் படித்தார். முதலை. மாமியார். கிராமபோன். ஒன்றைப் படித்துச் சிரித்தார், அடுத்ததில் கண்ணைத் துடைத்தார், அதற்கடுத்ததில் "அடப்பாவி, இங்கயே சொல்லிட்டான்" என்றார். முகத்தில் என்னென்னவோ வந்து போயின. அந்தப் புழுக்கத்தில், நகராத பஸ்ஸில், அவ்வளவு சந்தோஷமாக ஏமாந்த ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

அண்ணாத்த பார்த்துக்கொண்டே இருந்தார். பாலத்தையும் விளக்கையும் தவிர அவருக்கு எல்லாமே தெரியும். ஆச்சரியப்பட ஒன்றும் மிச்சமில்லாத முகம் அது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நைனா, எனக்கு இது வரலியே."

"உங்களுக்கு வேற வந்துச்சேண்ணாத்த. வயித்த கலக்குதுன்னு..."

"அது வேற. இது வரலியே."

நான் விளக்க ஆரம்பித்தேன். அந்த இடத்தில் ஒரு புத்திசாலி வாயை மூடியிருப்பான். காலம், நேர்கோடு, பின்னால் தாவாத சுகம், பழசு முதலில், புதுசு பின்னால் என்று எங்கள் ஆடிட்டருக்குச் சொல்கிற குரலில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஸ்டோர்ஸு, ஒண்ணு கேக்கறேன். காயிலுக்குப் பழசு புதுசுன்னு எந்தத் தேதிய வெச்சிப் பாக்கற?"

"நம்ம கேட்டுக்குள்ள வந்த தேதி."

"அந்த இரும்ப மண்ணுலேந்து தோண்டுன தேதியப் பாக்கறியா?"

"அத எதுக்குப் பாக்கணும்? நமக்கு எப்ப வந்துச்சின்னுதான்..."

அங்கே நான் நின்றேன்.

"சொல்லு, சொல்லு," என்றார்.

இருபது வருஷமாக நான் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு சீட்டிலும் இருப்பது வந்து சேர்ந்த தேதி. இரும்பு எந்த யுகத்தில் மண்ணாக இருந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கதை மட்டும் எப்போது நடந்தது என்று பார்த்து அடுக்கினேன், வாசகனுடைய கேட்டுக்குள் எப்போது வந்தது என்று பார்க்கவில்லை. என் சொந்த விதியையே நான் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்தவர், அந்த விதியைத் தினமும் கேபினிலிருந்து சபித்தவர்.

பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது. அவர் இதற்குள் பையிலிருந்து ஆறாம் பாகத்தை எடுத்து முன்னுரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் முன்னுரை படிக்கிற ஜாதி இல்லை. முன்னுரையில் எல்லோரும் மனைவிக்கு நன்றி சொல்வார்கள், அதை மனைவி படித்தால் போதும் என்பது என் கொள்கை.

"சார், இதுல எழுதிருக்காரே பாருங்க. 'மூன்றாம் பாகம் முடிக்காதவர்கள் இந்தப் புத்தகத்தை இப்போதே மூடி வைக்க வேண்டுகிறேன்.' நீங்க பாக்கலயா?"

நான் பார்க்கவில்லை. நான் மட்டுமா, அண்ணாத்தயும் பார்க்கவில்லை. ஏனென்றால் முன்னுரையைத் தாண்டி இரண்டு பக்கம் தள்ளி, 'இங்கிருந்து படிக்கவும்' என்று நான் ஒரு ஸ்டோர்ஸ் சீட்டை ஒட்டி வைத்திருந்தேன்.

"நான் மூணு முடிச்சிட்டேன்ல? அப்ப நாலுக்குப் போறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டு வரேன்," என்றார் மேடம். "இவன் எப்படி இப்படி ஆனான்னு தெரிஞ்சிக்கணும். தெரியாம நாலுக்குப் போக மனசு வரல." வந்த வரிசையும் இல்லை, நடந்த வரிசையும் இல்லை. அது மூன்றாவது ஒரு வரிசை, நான் கனவில்கூட ஒட்டாதது. நாலும் ஐந்தும் முடித்து, மலை உச்சியில் பெண்ணைத் தொங்கவிட்டு, அப்புறம் ஆறாம் பாகத்தில் எரிச்சல்பட்டேனே, அந்த எரிச்சலும் அவருக்கு வராது.

வராதது மட்டுமில்லை. அடுத்த வாரம் ஆறாம் பாகத்தை முடித்த காலை, இளவரசன் ஓடத்தில் ஏறித் துடுப்பை எடுத்த பக்கத்தில், கவரப்பேட்டையிலிருந்து கேட் வரைக்கும் மேடம் துப்பட்டாவை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அண்ணாத்த அதையும் திரும்பி உட்கார்ந்து பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். நான் கர்ச்சீப்பைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, தனக்கு வைத்துக்கொள்ளாமல், பின்னால் மேடத்திடம் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு லோடில் எனக்கு அடிக் காயில் தேவைப்பட்டது. மேலே பார்த்தேன். அண்ணாத்த வாயை அசைக்கவே இல்லை. நாலையும் இறக்கி, அடியில் இருந்ததை எடுத்து, நாலையும் திரும்ப அடுக்கினார்.

மீதிப் பாகங்களை இருவரும் முடித்தார்கள். அண்ணாத்தைக்கு மூன்றிலிருந்து எல்லாம் நேர் வரிசைதான், அதில் கெடுக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஒன்பதின் முடிவைப் பற்றி மூன்று பேரும் ஒரு வாரம் பேசினோம். நான் ஏங்கியதெல்லாம் அந்த ஒரு வாரம்தான், கிடைத்தது. ஆனால் பேச்சு எப்போது பாலத்துக்கும் விளக்குக்கும் வந்தாலும் மேடம் பேசுவார், நான் பேசுவேன், அண்ணாத்த ஜன்னலைப் பார்ப்பார். அவருக்கு நான் பட்டிருக்கிற பாக்கி அப்போதெல்லாம் ஞாபகம் வரும்.

அதைத் தீர்க்க வழி ஒன்றுதான். வேறு ஒரு தொடரைத் தேடிப் பிடித்தேன். பதினோரு பாகம். டிராகன் உண்டு. முன்கதை மூன்று, கிளைக்கதை இரண்டு. ஒரு பக்கம்கூட நான் புரட்டவில்லை, புரட்டினால் எனக்கு ஏதாவது தெரிந்து தொலைக்கும். பதினொன்றையும் கயிறு கட்டி, சீட்டு எதுவும் ஒட்டாமல், திங்கட்கிழமை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஏறி அவர் காலடியில் வைத்தேன். அவர் குனிந்து புத்தக முதுகுகளில் இருந்த எண்களைப் பார்த்தார். இரண்டு புத்தகங்களில் 'ஒன்று' என்றே போட்டிருந்தது, தொடருக்கு ஒரு ஒன்று, முன்கதைக்கு ஒரு ஒன்று.

"அண்ணாத்த," என்றேன், "இந்தத் தடவ நல்லா யோசிச்சி ஒரு வரிச வெச்சிருக்கேன், சொல்லட்டா?"

அவர் பின்சீட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டே சொன்னார்:

"நான் மேடத்தாண்ட கேட்டுக்கறேன்."